விஜயதசமிக்கு வேலைக்கு வரச் சொல்கிறார் மேனேஜர். என்ன பதில் சொல்வது?

கும்பகோணத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் நான்கு வருஷமாக பில்லிங் பார்க்கிறேன். சம்பளம் 18,200. ஆயுத பூஜை திங்கள், விஜயதசமி செவ்வாய். ‘ரெண்டு நாளும் டெலிவரி இருக்கு, எல்லாரும் கண்டிப்பா வரணும்’ என்று மேனேஜர் நேற்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். விஜயதசமிக்கு என் பெண்ணைக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அழைத்துப்போய் எழுத்தறிவிக்க எப்போதோ முடிவு செய்தது. வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வருகிறார், மாமியார் வீட்டாரும் வருகிறார்கள், வேன் பேசியாகிவிட்டது. திங்கள் வருவதில் எனக்கு ஒன்றும் இல்லை, செவ்வாய்தான் முடியாது. ‘அது கவர்மென்ட் ஹாலிடே சார், வர முடியாது’ என்று போட்டுவிடலாமா? சம்பளத்தில் பிடிப்பார்களா? இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பதில் போடாமல் வைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை உங்களுக்குக் கிடைக்க வேண்டிய நாள்தான். ஆனால் அதைக் கேட்க அந்த வரி தவறான காரணம். மேனேஜருக்கு விவரம் தெரிந்திருந்தால் ஒரே வார்த்தையில் மடக்கிவிடுவார்.

தினசரி காலண்டரில் சிவப்பாக இருப்பது அரசு அலுவலகத்துக்கும், பள்ளிக்கும், வங்கிக்கும் அரசு அறிவித்த விடுமுறைப் பட்டியல். தனியார் கடைக்கும் ஷோரூமுக்கும் அந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துவது தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம், 1958. பெயரில் தொழில் நிறுவனம் என்று இருந்தாலும் கடைகளும் அதற்குள் வருகின்றன. அதன்படி ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. நான்கு நாள் எல்லோருக்கும் பொது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மற்ற ஐந்தும் பண்டிகை நாட்கள். எந்த ஐந்து என்பது கடைக்குக் கடை வேறுபடும். நிர்வாகம் ஆண்டுதோறும் அந்தப் பட்டியலை முடிவு செய்து தொழிலாளர் துறைக்குத் தெரிவித்து, கடையில் எல்லோர் பார்வையிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும்.

ஐந்தே நாட்கள் என்பதால் பண்டிகைகளுக்குள்ளேயே போட்டி. பொங்கலும் தீபாவளியும் அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும். மிச்சமுள்ள மூன்றில் ஆயுத பூஜையையும் விஜயதசமியையும் சேர்த்து வைக்கும் கடைகளும் உண்டு, இரண்டில் ஒன்றை மட்டும் வைக்கும் கடைகளும் உண்டு. ஆயுத பூஜை மட்டும் இருந்தால், உங்கள் கடைக்கு அந்தச் செவ்வாய் மற்ற செவ்வாய்களைப் போல ஒரு வேலைநாள். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது விடுமுறை அல்ல, விடுப்பு. எல்லாப் பதிலும் இந்த ஒரு விஷயத்தில்தான் பிரிகிறது. ஆகவே நாளைக் காலை முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் பாருங்கள். வருகைப் பதிவேடு வைக்கும் இடத்திலோ, கடைப் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கும் சுவரிலோ, அக்கவுன்ட்ஸ் அறையிலோ இருக்கும். கிடைத்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டவே இல்லையென்றால்? அதுவும் நடப்பதுதான். அப்போது போன ஆண்டு ஆயுத பூஜை மாதத்துச் சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் பாருங்கள். விஜயதசமிக்கு விடுமுறை என்று குறித்திருந்தார்களா, வந்தவர்களுக்கு ஏதாவது கூடக் கொடுத்தார்களா என்று தெரிந்துவிடும். நான்கு வருஷம் வேலை பார்த்திருக்கிறீர்கள், அந்த வழக்கமே உங்கள் கையிலுள்ள சான்று.

(டெல்டாக்காரர்கள் குழம்பும் இன்னொரு இடம் உள்ளூர் விடுமுறை. தஞ்சாவூரில் சதய விழா, திருவாரூரில் ஆழித்தேர், மயிலாடுதுறையில் கடைமுகத் தீர்த்தவாரி, நாகூரில் கந்தூரி என்று கலெக்டர் விடுமுறை அறிவிப்பார். அது அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும்தான். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலைநாள் என்றும் அதே அறிவிப்பில் வந்துவிடும். வங்கிகளைக்கூட அது கட்டுப்படுத்தாது. தனியார் கடைக்காரரிடம் அதைக் காட்டி விடுமுறை கேட்டால் பலிக்காது.)

இனி, பட்டியலில் செவ்வாய் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘வர முடியாது’ என்று முடித்துவிட முடியாது. பலருக்குத் தெரியாத விஷயம் இது: பட்டியலில் உள்ள விடுமுறை நாளிலும் வேலைக்கு வரச் சொல்ல நிர்வாகத்துக்கு அந்தச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு முறையும் ஒரு விலையும் வைத்திருக்கிறது. முறை என்னவென்றால், குறைந்தது 24 மணி நேரம் முன்பாக உங்கள் கையில் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும், அதன் நகலைத் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், கடையிலும் ஒட்ட வேண்டும். விலை என்னவென்றால், அன்று வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் மாற்று விடுமுறை. இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வேலை செய்தவருக்கு, மேனேஜருக்கு அல்ல.

குரூப்பில் போட்ட ‘கண்டிப்பா வரணும்’ அந்த முறைப்படியான அறிவிப்பு ஆகாது. அதற்காக ‘நோட்டீஸ் எங்கே சார்?’ என்று ஆரம்பிக்க வேண்டாம். இருபது பேர் வேலை செய்யும் ஷோரூமில் அந்தக் கேள்வி சட்டமாகக் கேட்காது, சண்டையாகத்தான் கேட்கும். மேலும் இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நீங்கள் கேட்டதற்காகவே ஒரு தாள் அடித்துக் கையெழுத்துப் போட்டு முறைப்படி தந்துவிட்டால், உங்களிடம் இருந்த பிடி போய்விடும். அந்தத் துருப்புச்சீட்டு கடைசிச் சுற்றுக்கு இருக்கட்டும். முதல் சுற்றில் வேலை செய்வது வேறு: அவருடைய சிக்கல் என்ன என்று பார்ப்பது.

விஜயதசமியன்று ஷோரூமில் பில்லிங் ஆள் எதற்குத் தேவை? வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிக்காட்ட நீங்கள் வேண்டாம். பில், இன்சூரன்ஸ், வாகன் தளத்தில் பதிவேற்றம், பணம் வாங்கிய ரசீது, ஃபைனான்ஸ்காரரிடமிருந்து வர வேண்டிய டெலிவரி ஆர்டர் என்று காகித வேலைக்குத்தான் வேண்டும். இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் முன்னாளே முடிக்கலாம். வண்டி கைமாறும்போதோ அதற்கு முன்போ பில் இருக்க வேண்டும் என்பதே ஜிஎஸ்டி விதி, ஆகவே திங்கள் மாலையே பில் போடுவதில் தவறில்லை. இன்சூரன்ஸை நாளை முதல் அமலாகும்படி இன்றைக்கே எடுக்கலாம். ‘பில் தேதியும் விஜயதசமியாகவே இருக்கணும்’ என்று பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளர் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் விவரங்களை எல்லாம் ஏற்றி வரைவாகச் சேமித்துவைத்தால், செவ்வாய் காலை யார் வேண்டுமானாலும் ஒரு சொடுக்கில் அச்செடுக்கலாம்.

டெலிவரி நாளில் கவுன்டரில் கூட்டம் முட்டுவதற்குக் காரணம் வண்டி அதிகம் என்பதல்ல. ஒரு வாடிக்கையாளரின் ஆதாரில் பழைய கைபேசி எண் இருக்கும், ஓடிபி வராது. இன்னொருவர் நாமினி பெயரை மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார். ஃபைனான்ஸ் அலுவலகமும் அன்று விடுமுறை, டெலிவரி ஆர்டர் வந்திருக்காது. ராகுகாலத்துக்கு முன்னால் வண்டி வெளியே போக வேண்டும் என்று குடும்பமே நின்றுகொண்டிருக்கும். மேனேஜரின் பயம் இதுதான். அவர் ‘எல்லாரும் வரணும்’ என்று மொத்தமாகப் போட்டது ஆள் கணக்குக்காக அல்ல, இந்தத் தலைவலி தன் தலையில் விழக்கூடாது என்பதற்காக. அதைத் தீர்த்துவிட்டு நாளைக் கேட்டால் கிடைக்கும்.

ஆக, இன்றே புக்கிங் பட்டியலை எடுங்கள். உதாரணத்துக்குச் செவ்வாய்க்கு 24 டெலிவரி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, ஆவணம் முழுதாக வந்துவிட்டதா, பணம் அல்லது டெலிவரி ஆர்டர் வந்துவிட்டதா என்று இரண்டு டிக் மட்டும் போடுங்கள். இரண்டும் ஆனவர்கள் 15 பேர் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் வேலை திங்களோடு முடியும். மீதி ஒன்பது பேரை வெள்ளிக்கிழமையே போனில் கூப்பிட்டு, எது குறைகிறதோ அதைச் சனிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபைனான்ஸ் நிறுவன ஆளிடமும் சனிக்கிழமையே சொல்லிவைக்க வேண்டும், திங்கள் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். கடைசியில் மூன்று நான்கு பேர்தான் தொங்கலில் நிற்பார்கள். அந்த நால்வருக்காக மட்டும் செவ்வாய் கவுன்டரில் ஓர் ஆள் வேண்டும். உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அன்று எப்படியும் வருவதாக இருந்தால் அவரிடம் பேசுங்கள். தீபாவளி நேரத்தில் ஒரு நாள் அவருக்காக நீங்கள் நிற்பதாகச் சொல்லலாம். சொன்னால் நிற்கவும் வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ஏதாவது ஒரு தளத்தின் ஓடிபி உங்கள் கைபேசிக்கு வரும்படி இருந்தால் அதை இப்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கூத்தனூர் வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறிலக்க எண் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதும் கூடாது. அன்று பில்லில் ஏதாவது பிசகினால் அது உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கும்.

இந்த டெலிவரிப் பட்டியல் கையில் வந்ததும் மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். குரூப்பில் பதில் போட வேண்டாம். எல்லோர் முன்னாலும் ஒருவர் ‘முடியாது’ என்றால் அடுத்து நான்கு பேர் சொல்வார்கள் என்ற பயத்திலேயே அவர் மறுத்துவிடுவார். காலையில் கடை திறந்து பூ போட்டு விளக்கேற்றி முடித்த பிறகு, வாடிக்கையாளர் வருமுன் ஐந்து நிமிடம் கிடைக்குமே, அதுதான் நேரம். மாலைக் கணக்கு முடிக்கும்போது வேண்டாம்.

பேச்சு இந்த அளவுக்குப் போதும்: “சார், திங்கக்கிழமை நான் காலையிலேயே வந்துடறேன். செவ்வாய்க்கிழமை பாப்பாவைக் கூத்தனூருக்கு எழுத்தறிவிக்க அழைச்சிட்டுப் போறோம், அன்னைக்கு வர முடியாது. செவ்வாய் டெலிவரி 24. பதினஞ்சுக்கு எல்லாம் ரெடி, மிச்சத்தையும் சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன். தொங்கல்ல நிக்கிற மூணு நாலு பேருக்கு மட்டும் அக்கா பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. லிஸ்ட் இதோ சார்.”

இந்தப் பேச்சில் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நம் ஆட்கள் தவறுவது இங்கேதான். வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வருகிறார், மாமியார் கோபித்துக்கொள்வார், வேனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரில் இருப்பவரிடம் ஒரு வழி இருக்கும். ‘வேனை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்குங்களேன்’ என்பார். விஜயதசமியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியாது. அதனால் அந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துங்கள்.

‘பார்க்கிறேன் சார்’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. சொல்கிறவருக்கு அது மரியாதையான ‘முடியாது’. கேட்கிற மேனேஜருக்கு அது ‘சரி’. திங்கள் இரவு ஏழு மணிக்கு இரண்டும் மோதும். பதில் போடாமல் இருப்பதும் இதே வகைதான். நீலக் குறி விழுந்துவிட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. இன்றோடு அதை முடியுங்கள்.

பொய்க் காரணமும் வேண்டாம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். விஜயதசமியன்று சுற்றுவட்டாரத்துக் குழந்தைகளெல்லாம் கூத்தனூரில்தான் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் ஒருவராவது வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பார், புது வண்டியில் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. போதாததற்கு உங்கள் நாத்தனார் நெல்லில் எழுதும் படத்தை ஸ்டேட்டஸில் போட்டிருப்பார். உண்மையான காரணத்துக்குக் கிடைக்கும் நாளைப் பொய்யால் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அவர் சரி என்றால், இடத்தை விட்டு வந்ததும் தனிச் செய்தியாக எழுத்தில் பதிந்துவிடுங்கள்:

“சார், பேசினபடி ஆயுத பூஜை திங்கள் வேலைக்கு வருகிறேன். விஜயதசமி செவ்வாய் எனக்கு விடுமுறை. செவ்வாய் டெலிவரிக்கான பேப்பர்கள் திங்கள் மாலைக்குள் முடித்து, பாக்கி உள்ள பெயர்களை எழுதி மேசையில் வைத்துவிடுகிறேன். நன்றி சார்.”

அவர் ஒரு ‘ஓகே’ போட்டால் போதும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைப் பட்டியலில் செவ்வாய் இல்லை என்று தெரிந்திருந்தால் இதே செய்தியில் ‘விடுமுறை’ என்பதற்குப் பதில் ‘ஒரு நாள் தற்செயல் விடுப்பு தரவும்’ என்று எழுதுங்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அதில் எத்தனை மிச்சம் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். விடுப்பு என்றால் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், சொல்லிவிட்டுப் போவது போதாது. இந்த வித்தியாசம் சம்பளப் பிடித்தத்தில் வந்து நிற்கும். பட்டியலில் உள்ள விடுமுறைக்கு நீங்கள் வராததற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது, அது சம்பளத்துடன் கூடிய விடுமுறை. ஆனால் வேலைநாளில் அனுமதி இல்லாமல் நின்றால் அந்த ஒரு நாளைப் பிடிக்கலாம்.

அவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்து அநேகமாக இப்படித்தான் வரும்: “கூத்தனூர்தானேம்மா, காலையில போயிட்டு மதியம் வந்துடுங்க.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கும்பகோணத்திலிருந்து எரவாஞ்சேரி வழியாகக் கூத்தனூர் பக்கத்துப் பூந்தோட்டம் சாதாரண நாளில் சின்னப் பயணம். ஆனால் அன்று வரிசை எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் மூன்று மணிக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு ஐந்துக்கு வந்தால், விட்டுக்கொடுத்ததும் நீங்கள், தாமதமாக வந்த கெட்ட பெயரும் உங்களுக்கு. சட்டம் சொல்வது முழு நாள் விடுமுறை. அரை நாள் வேலைக்கு என்ன கணக்கு என்று அவர் யோசித்தே இருக்க மாட்டார். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், “நாலு மணிக்கு மேல வந்து மறுநாள் கணக்கை முடிச்சுத் தரேன் சார், இதை ஒரு நாள் வேலையாப் போட்டு மாற்று விடுமுறை கொடுத்துடுங்க” என்று நேரத்தைத் தள்ளி, கணக்கையும் அப்போதே பேசி முடியுங்கள். என் அபிப்பிராயத்தில் இதை நீங்களாக முன்வைக்க வேண்டாம். வரைவு பில் தயாராக இருக்கும்போது நான்கு மணிக்கு நீங்கள் வந்து செய்ய எதுவும் இருக்காது.

அதற்கும் மசியாமல் ‘வந்தே ஆகணும்’ என்றால் அப்போது அந்தத் துருப்புச்சீட்டு. குரலை உயர்த்தாமல், “சரிங்க சார், லிஸ்ட்ல விஜயதசமி ஹாலிடேன்னு இருக்கு. அன்னைக்கு வரச் சொல்லி எழுத்துல ஒரு நோட்டீஸ் கொடுத்துடுங்க, வீட்டுல காட்டணும்” என்று கேளுங்கள். எழுதித் தருவது என்றால் முதலாளியின் கையெழுத்து வேண்டும், ஆய்வாளருக்கு நகல் போக வேண்டும், வந்த எல்லோருக்கும் இரட்டைச் சம்பளக் கணக்கு வரும். ஒருவருக்காக இத்தனையும் தேவையா என்று அவரே யோசிப்பார். அப்படியும் முறைப்படி அறிவிப்பு தந்துவிட்டால், அதை மீறிப் போவது சரியென்று நான் சொல்ல மாட்டேன். அதன்பின் வராமல் நின்றால் அவர்கள் விளக்கக் கடிதம் கேட்க இடமுண்டு. அந்த இடத்தில் வேலையா, எழுத்தறிவிப்பா என்று முடிவெடுக்க வேண்டியது நீங்களும் உங்கள் வீட்டாரும்தான். அறிவிப்பு எதுவும் தராமல் வாய்வார்த்தையாகச் சொல்லி, வராததற்குச் சம்பளம் பிடித்தால், பட்டியலின் படம், குரூப் செய்தி, நீங்கள் அனுப்பிய செய்தி, சம்பளச் சீட்டு நான்கையும் வைத்துத் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதற்கு முன் ஒருமுறை முதலாளியிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் சம்பளத்துக்காக ஆய்வாளர் வந்து எல்லாப் பதிவேட்டையும் புரட்டுவதை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார்.

இவ்வளவு பேச்சிலும் திங்கள்கிழமையை மறந்துவிடாதீர்கள். ஆயுத பூஜை பட்டியலில் இருந்தால், நீங்கள் சந்தோஷமாக வந்தாலும் அது விடுமுறை நாள் வேலைதான். 18,200 ரூபாயை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 700 ரூபாய் (சில இடங்களில் 30-ஆல் வகுப்பார்கள், 606 ரூபாய் சொச்சம் வரும், உங்கள் கடையில் எது வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்). இரட்டைச் சம்பளம் 1,400. அதில் 700 உங்கள் மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருப்பதாக வைத்து, கூடுதலாக 700 என்றுதான் சீட்டில் வரும். 1,400-உம் தனியாக வரும் என்று எதிர்பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். டெலிவரி நாளில் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸும், சாப்பாடும், முதலாளி கையில் வைக்கும் இருநூறு ரூபாயும் இந்தக் கணக்கில் சேராது.

பணமா, மாற்று விடுமுறையா? சாதாரணமாக மாற்று விடுமுறையைத்தான் பலரும் கேட்பார்கள். உங்கள் தொழிலில் அதில் ஒரு சிக்கல் உண்டு. விஜயதசமி முடிந்து மூன்று வாரத்துக்குள் தீபாவளி. அதுவரை ஷோரூமில் யாருக்கும் லீவு கிடைக்காது, ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்பார்கள். அந்த அப்புறம் தை வரை நீண்டு, நடுவில் மேனேஜரும் மாறிவிட்டால் கேட்பாரற்றுப் போய்விடும். மாற்று விடுமுறை வேண்டுமென்றால் தீபாவளி முடிந்த மறுவாரத்தில் ஒரு தேதியைக் குறித்து, திங்கள் மாலை பாக்கிப் பட்டியலை மேசையில் வைக்கும்போதே அந்தத் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தேதி தரத் தயங்கினால், பணமாகவே போடச் சொல்லி அக்கவுன்ட்ஸுக்கு அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போட்ட பிறகு சொன்னால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள்.